நால்வர் செய்த புராஜெக்ட்டில் யார் பங்கு எவ்வளவு?

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு நான்கு பேர் கொண்ட ஒரு பேட்ச். உதாரணத்துக்குக் கவிதா, ரவி, மீனா, செல்வன் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு 100-க்கு 70 கிடைத்தது. நால்வருக்கும் அதே 70. செல்வன் பாதி நாள் எட்டிப்பார்க்கவில்லை என்பது கைடுக்குத் தெரியாது. கூட இருந்த மூவருக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு ஒவ்வொருவர் மதிப்பெண்ணையும் திருத்துவதுதான் சகமாணவர் மதிப்பீடு. கேட்பது எளிது, கேட்டதைக் கணக்காக்குவதில்தான் தவறு நேர்கிறது.

ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கு ஐந்துக்கு இவ்வளவு என்று ரகசியமாகப் போடுகிறார்கள். கவிதா ரவிக்கு 4, மீனாவுக்கு 4, செல்வனுக்கு 2 போடுகிறாள். ரவி கவிதாவுக்கு 4, மீனாவுக்கும் செல்வனுக்கும் தலா 3. செல்வன் கவிதாவுக்கு 4, மற்ற இருவருக்கும் தலா 3. மீனா கை இறுக்கமானவள்: கவிதாவுக்கு 2, ரவிக்கு 2, செல்வனுக்கு 1.

இவற்றை அப்படியே கூட்டினால் கவிதாவுக்கு 10, மீனாவுக்கும் 10 வருகிறது. ஆனால் மீனா தவிர யாரைக் கேட்டாலும் கவிதாவுக்குக் குறைத்துப் போட்டவர் இல்லை. மீனாவின் கஞ்சத்தனம் மற்ற மூவரையும் இறக்கியது. தனக்குத் தானே போட முடியாததால் அவளை மட்டும் அது தொடவில்லை. இப்படிக் கூட்டினால், எல்லோருக்கும் குறைத்துப் போடுகிறவர் லாபம் அடைவார்.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான WebPA என்ற மென்பொருள் இந்தக் கோணலை எளிதாக நிமிர்த்துகிறது. ஒருவர் போட்ட எண்ணை அது பார்ப்பதில்லை. அவர் போட்ட மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்றுதான் பார்க்கிறது. மீனா போட்ட மொத்தம் 5. அதில் கவிதாவுக்கு 2 என்றால் 0.4 பங்கு. செல்வன் போட்ட மொத்தம் 10. அதில் 4 என்றாலும் அதே 0.4. தாராளமும் கஞ்சத்தனமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இந்தப் பங்குகளைக் கூட்டினால் கவிதாவுக்கு 1.2, ரவிக்கு 1.1, மீனாவுக்கு 1.0, செல்வனுக்கு 0.7. சராசரி எப்போதும் 1. இனி 70-ஐ இரண்டாகப் பிரிக்கலாம். 35 எல்லோருக்கும் பொது. மீதி 35-ஐ அவரவர் எண்ணால் பெருக்க வேண்டும். கவிதாவுக்கு 77, ரவிக்கு 73.5, மீனாவுக்கு 70, செல்வனுக்கு 59.5. நான்கையும் கூட்டினால் 280. பேட்ச்சின் சராசரி அதே 70. பொதுப் பங்கு பாதிதான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆசிரியர் மாற்றலாம். முழு 70-ஐயும் தோழர்கள் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான்கு பேர் கருத்து அவ்வளவு பாரம் தாங்காது.

செல்வன் படிவத்தையே தராமல் இருந்துவிட்டால்? மற்ற மூவருக்கும் ஒருவர் தந்த பங்கு குறையும்; அவனுக்கு ஒன்றும் குறையாது. மூன்று பேரின் பங்குகளை மட்டும் கூட்டி, நான்கு பேருக்குச் சரியாக்க எல்லாவற்றையும் ஒரே அளவில் உயர்த்தினால், அவனது 0.7 ஏறக்குறைய 0.93 ஆகிவிடும். வேலைக்கும் வரவில்லை, படிவமும் தரவில்லை, ஆனால் மதிப்பெண் ஏறுகிறது! தனக்குத் தானே போடும் எண்ணை விட்டுவிட்ட கணக்கில் வரும் ஓட்டை இது. ஒவ்வொருவருக்கும் எத்தனை பேர் போட்டார்களோ, அத்தனை பேரின் சராசரியை முதலில் எடுத்துவிட்டால் இது அடைபடும்.

கணக்கால் அடைக்க முடியாத ஓட்டைகளும் உண்டு. எல்லோருக்கும் 5 போடுவோம் என்று முன்பே பேசிவைத்தால் எல்லோருக்கும் 1-தான் வரும்; எதுவும் மாறாது. மூவர் குழுவில் இருவர் நெருங்கிய நண்பர்கள் என்றால் மூன்றாமவர் பாடு கஷ்டம். இதைக் காட்டிக்கொடுப்பது போட்டவர்களுக்குள் இருக்கும் முரண்பாடு. ஒரே ஆளுக்கு ஒருவர் 5-உம் இன்னொருவர் 1-உம் போட்டிருந்தால், ஆசிரியர் திருத்துவதற்கு முன் அந்தக் குழுவை அழைத்துப் பேச வேண்டும். எண்ணோடு ஒரு வரி காரணமும் எழுதச் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு எளிதாகும்.

எதற்கு எண் போடுகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஃப்மன், ஃபெல்டர், ஃபுல்லர் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், திறமைக்கு மதிப்புப் போடாதீர்கள், ஏற்ற பொறுப்பை நிறைவேற்றினாரா என்று பாருங்கள் என்பதுதான் மாணவர்களுக்கான அறிவுரை. அவர்கள் முறையில் யாருடைய பெருக்கெண்ணும் 1.05-ஐத் தாண்டக்கூடாது, கீழே இறங்க அப்படி வரம்பில்லை. எல்லாவற்றையும் தானே இழுத்துப்போட்டுச் செய்பவருக்கு 1.2 கிடைக்கும் என்றால், மற்றவர்களுக்கு வேலையை விட்டுக்கொடுக்க அவர் ஏன் சம்மதிப்பார்? நம் கணக்கில் கவிதாவுக்கு அந்த வரம்பு வைத்தால் 77 வராது, 71.75-இல் நிற்பாள்.