காயை விட நாற்றுக்கே காசு

மொட்டை மாடியில் கத்தரியும் தக்காளியும் போட்டு விற்றால் மாதம் என்ன தேறும் என்று கேட்பவர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் கசக்கும். பத்துக்குப் பத்து அடி இடத்தில், நடக்க வழி விட்டால், இருபத்தைந்து பைகள் வைக்கலாம். நன்றாகக் கவனித்த கத்தரிச் செடி நான்கைந்து மாதத்தில் இரண்டு, மூன்று கிலோ காய்க்கும். எல்லாம் சேர்த்து 60 கிலோ, கிலோ 50 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். பை, மண் கலவை, தொழு உரம் எல்லாம் இதற்குள்தான். வீட்டுக்கு நல்ல காய் கிடைக்கும், அவ்வளவுதான். இதை வருமானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே இடத்தில் காசு பார்க்க வேண்டுமானால், மாடித் தோட்டம் போட ஆசைப்படுகிற மற்றவர்களுக்கு நாற்று விற்கலாம். நாற்று ஒரு மாதத்தில் கைமாறிவிடும். மாடிக்குப் பாரமும் குறைவு. நனைந்த மண் நிறைந்த ஒரு பை இருபது கிலோவுக்குக் குறையாது. 98 குழிகள் உள்ள நாற்றுத் தட்டு நனைந்த பிறகும் மூன்று கிலோவைச் சுற்றித்தான் இருக்கும்.

தட்டை நிரப்பத் தென்னை நார்க் கழிவு வேண்டும். ஐந்து கிலோ கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் தூளாக உதிரும்; இருபது தட்டுகளுக்குத் தாராளமாகப் போதும். முதல் சறுக்கல் பலருக்கு இங்கேதான். கழுவாத கழிவில் உப்பு நிறைய இருக்கும். முளை வரும், இரண்டு இலை விட்டதும் நுனி கருகி, செடி அப்படியே நின்றுவிடும். அதை நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைவார்கள். குடிநீர் சோதிக்கும் டிடிஎஸ் பேனா ஒன்று கையில் இருந்தால் போதும். கழிவைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, வடிநீரின் அளவு ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு ஏறக்குறைய இறங்கி வரும்வரை அலச வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது. உப்பு போன பிறகும் தண்ணீர் பழுப்பாகத்தான் வரும். அலசிய கழிவு மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்குத் தூள், ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா விரிடி. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்தால் உள்ளே வெதுவெதுப்பு நிற்கும். தக்காளி நான்கைந்து நாளில் முளைக்கும். கத்தரிக்கு ஒரு வாரம், மிளகாய்க்குப் பத்து நாள்கூட ஆகும். ஆகவே மூன்றையும் ஒரே அடுக்கில் வைக்கக் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் திறந்து பார்க்க வேண்டும். முளை தலைகாட்டிய அன்றே தட்டை நிழல்வலைக்குள் பரப்பிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் போதும், வெளிச்சம் தேடித் தண்டு வெளிறி நெடுநெடுவென ஓடிவிடும். அந்த நாற்று பிறகு தேறாது.

அடுத்தது நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கும். குனிந்து பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்து, நீர் கோத்து இருக்கும். காரணம் பெரும்பாலும் நாம்தான். மாலையில் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் ஈரமாக வைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காலையில் பூவாளியால் தெளிப்பதே சரி. சாய்ந்த குழிகளைச் சுற்றியுள்ள இரண்டு வரிசையையும் யோசிக்காமல் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். மிளகாய்க்கு இலைச்சுருட்டை தனித் தலைவலி. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸும் உண்டு, இலைப்பேன் உறிஞ்சுவதும் உண்டு. சுருண்ட நாற்றை விற்றால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். நுண்துளைப் பூச்சிவலையும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் வைப்பது அதற்காகத்தான்.

நாற்று தயாரா என்று அறியத் தண்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வெள்ளை வேர் சுற்றிய முழுக் கட்டியாக வெளியே வந்தால் தயார். கட்டி உதிர்ந்தால் இன்னும் சில நாள். வேர் பழுத்துச் சுருண்டு இறுகியிருந்தால் காலம் கடந்துவிட்டது. இந்த இரண்டு நிலைக்கும் நடுவே ஏறத்தாழ பத்து நாள்தான். நாற்று வியாபாரத்தின் நெருக்கடி முழுக்க அந்தப் பத்து நாளுக்குள் இருக்கிறது. பத்துக்குப் பத்து இடத்தில் முப்பது தட்டு வைத்து மூவாயிரம் விதை போடலாம்தான். மாடித் தோட்டக்காரர் ஒருவர் வாங்குவதோ ஐந்து கத்தரி, ஐந்து தக்காளி.

ஆகவே ஆறு தட்டில் தொடங்குவது புத்திசாலித்தனம். 588 விதையில் 450 நாற்று தேறும் என்று வைத்துக்கொள்வோம். தட்டு, நார்க் கட்டி, உரம், விதை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 700 ரூபாய். வலைச் செலவு தனி. தட்டைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம், கட்டியிலும் மிச்சம் இருக்கும். நாற்றை ஒவ்வொன்றாக விற்காமல், மிளகாய், கத்தரி, தக்காளி கலந்து இருபது நாற்று 80 ரூபாய் என்று தொகுப்பாகக் கொடுத்தால் இருபத்திரண்டு தொகுப்பு வரும். பதினைந்து விற்றாலே 1,200 ரூபாய். மிஞ்சிய தக்காளியையும் மிளகாயையும் நான்கு அங்குலப் பைக்கு மாற்றி, பூவெடுக்கும் பருவத்தில் ஒன்று 20 ரூபாய்க்கு விற்கலாம். தக்காளியைத் தண்டு பாதி புதையும்படி நட்டால் புதைந்த இடத்திலும் வேர்விடும்.

தொகுப்பு என்றால் மூன்றும் ஒரே வாரத்தில் தயாராக வேண்டும். வாங்க வருகிற கூட்டம் ஆடிப் பட்டத்துக்கும் தைப் பட்டத்துக்கும்தான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும் ஆடிப்பெருக்கை ஒட்டி விற்க நினைத்தால் மிளகாயை ஜூன் நடுவிலும், கத்தரியை ஒரு வாரம் கழித்தும், தக்காளியை ஜூன் கடைசியிலும் விதைக்க வேண்டும். வெண்டை, முள்ளங்கி, கீரையை நாற்றாக்க வேண்டாம். அவற்றை நேரடியாக விதைப்பதே வழக்கம்.

"அக்கா, இது நாட்டா, ஹைப்ரிடா?" என்று கட்டாயம் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லி, ரகத்தின் பெயரையும் விதைத்த தேதியையும் தட்டில் எழுதி ஒட்டுங்கள். ஹைப்ரிட் என்றால், அதன் காயிலிருந்து எடுத்த விதை அதே மாதிரி வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பட்டம் இல்லாத மாதங்களில், குறிப்பாக ஐப்பசி அடைமழையிலும் கத்திரி வெயிலிலும், காய்கறி நாற்று போகாது. அப்போது கைகொடுப்பவை கற்பூரவல்லி, புதினா, துளசி, தூதுவளை. முதல் இரண்டும் நுனிக்கிளையை ஒடித்து வைத்தாலே வேர்பிடிக்கும். பைக் காசு மட்டுமே செலவு. கறிவேப்பிலைக்கும் கேட்பார் உண்டு. ஆனால் பழுத்த கனியைப் பிசைந்து சதை நீக்கி அப்போதே விதைக்க வேண்டும், காயவிட்டால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். விற்கும் அளவுக்கு வளர ஒரு வருடம் ஆகிவிடும்.

தெரிந்தவர்களைத் தாண்டி நாற்று விற்பனையைத் தொழிலாகவே நடத்தும் எண்ணம் இருந்தால், நாற்றுப் பண்ணைகளுக்கும் விதை விற்பனை உரிமம் தேவை. 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி விதை ஆய்வாளர்கள் இதைக் கேட்பார்கள். பெயர்ப் பலகை மாட்டும் முன் உங்கள் மாவட்ட விதை ஆய்வு அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். விதை வாங்கிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள். முளைப்பில் தகராறு வந்தால் விதைக் கடையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.