ஒன்பது சர்டிஃபிகேட், ஒரு ஹேக்கத்தான்: ரெஸ்யூமேல எதுக்கு எவ்வளவு வெயிட்?

கஸ்டமர் சப்போர்ட்ல ஒரு வருஷம் ஆச்சு, இப்போ டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாறணும்னு வச்சுக்குங்க. அந்தத் துறையில அனுபவம் இல்லை. இருக்கிறது ஒன்பது ஆன்லைன் சர்டிஃபிகேட், காலேஜ்ல கலந்துக்கிட்ட ஒரு ஹேக்கத்தான்.

சர்டிஃபிகேட்ல முதல்ல பார்க்க வேண்டியது, உங்களை யாராவது பரீட்சை வச்சுப் பார்த்தாங்களா என்பதுதான். யூடெமியில வீடியோவை எல்லாம் முடிச்சாலே சர்டிஃபிகேட் வந்துடும். கத்துக்க நல்ல இடம், ஆனா வேலை கொடுக்கிறவருக்கு அது பெருசா எதுவும் சொல்லாது. என்பிடெல்ல பாடம் இலவசம். சர்டிஃபிகேட் வேணும்னா சுமார் 1000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேர்ல போய் எழுதணும். 100 மார்க்ல 75 அந்தத் தேர்வுக்கு, 25 வாராந்திர அசைன்மென்ட்டுக்கு. வாங்கின மார்க்கும் சர்டிஃபிகேட்லயே இருக்கும். அதனால ஒன்பதுல ரெண்டை மட்டும் வைங்க. மீதி ஏழும் இருந்தா, மறந்துபோன ஏதோ ஒண்ணுல இருந்துதான் இன்டர்வியூல கேள்வி வரும்!

ஹேக்கத்தான் கதை வேற. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்ல ஒரு டீமுக்கு ஆறு பேர். "ஃபைனலிஸ்ட்"னு எழுதினா, ஆறு பேர்ல நீங்க என்ன செஞ்சீங்கன்னுதான் அடுத்த கேள்வி. பி.பி.டி. மட்டும் போட்டவரும் ஃபைனலிஸ்ட்தானே. கோட் உங்ககிட்ட இருந்தா, அந்த ஃபோல்டர்ல இதை அடிச்சுப் பாருங்க:

```
git shortlog -sn
```

யார் எத்தனை கமிட் போட்டாங்கன்னு பேரோட வரும். கிட்ஹப் லிங்க் கொடுத்தா, எதிர்ல இருக்கிறவரும் இதைப் பார்க்க முடியும். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. அவசரத்துல எல்லாரோட வேலையையும் ஒரே லேப்டாப்ல இருந்து ஏத்தியிருப்பாங்க. எல்லா கமிட்டும் அந்த ஒருத்தர் பேர்லயே நிக்கும். பழைய ஹிஸ்டரியை மாத்தப் போகாதீங்க. உங்க பகுதியை மட்டும் உங்க கணக்குல புதுசா எழுதுங்க. இது டீம் புராஜெக்ட்ல நான் செஞ்ச பகுதி, பிறகு மறுபடி எழுதினதுன்னு ரீட்மீயில வெளிப்படையா சொல்லிடுங்க.

ரெஸ்யூமே வரி இப்படி இருக்கலாம்: "ஆறு பேர் டீம், வருகைப்பதிவு டேட்டாவைச் சுத்தம் செய்தது, எஸ்.க்யூ.எல். ரிப்போர்ட் எழுதியது நான். கோட் லிங்க்." இதை புராஜெக்ட்ஸ் தலைப்புக்குக் கீழே போடுங்க, வேலை அனுபவத்துல சேர்க்காதீங்க. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல அதை உறுதி செய்ய ஹெச்.ஆர். யாரும் இருக்க மாட்டாங்க.

பகுதியை மறுபடி எழுத ரெண்டு வாரக் கடைசி போதும். அடுத்த கோர்ஸ் சந்தாவை அதுக்கப்புறம் கட்டிக்கலாம்.