சவுண்ட் பாக்ஸ் சொல்லாத இருபது ரூபாய்

1956-இல் வெளிவந்த 'சிவப்பு பலூன்' என்ற பிரெஞ்சுக் குறும்படம் 34 நிமிடம் ஓடும். பாரிஸ் தெருக்களில் ஒரு சிறுவன், அவன் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி வரும் ஒரு பலூன், அவ்வளவுதான் கதை. வசனம் மிகச் சொற்பம். ஆல்பெர் லமோரிஸ் எழுதி இயக்கிய அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது எந்தப் பிரிவில் தெரியுமா? சிறந்த அசல் திரைக்கதை!

'வசனம் இல்லாத படம்தானே, ஸ்கிரிப்ட் எதற்கு?' என்று கேமராவோடு தெருவில் இறங்கிவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அப்படி எடுத்த தெரு வியாபாரி படங்கள் நிறையப் பார்த்தாயிற்று. வியர்வை வழியும் முகம், வெடித்த பாதம், பின்னணியில் அழும் வயலின். படம் முடியும்போது அந்த மனிதர் மேல் நமக்குப் பரிதாபம் வந்திருக்கும். ஆனால் அவர் என்ன விற்றார், எப்படி விற்றார், அன்றைக்குக் கட்டுப்படியானதா என்பது தெரிந்திருக்காது. பேச்சைக் குறைத்தால் ஒலியை எழுத வேண்டும். அதுவும் வசனம் எழுதுகிற அதே கவனத்தோடு.

சாயங்காலம் தள்ளுவண்டியில் வறுத்த வேர்க்கடலை விற்பவரை எடுத்துக்கொள்வோம். குறும்படத்துக்கு இவரைவிட வசதியான ஆள் கிடையாது. ஏனென்றால் அவர் கூவுவதில்லை. கரண்டியால் இரும்புச் சட்டியின் விளிம்பில் 'டங் டங்' என்று தட்டுவார், அதுதான் கூவல். சட்டியில் சூடான மணலும் கடலையும் புரளும் 'சரக் சரக்', சல்லடையில் மணல் உதிரும் ஓசை, காகிதத்தைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டும் சத்தம் என்று அவர் தொழிலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஒலி உண்டு. இப்போது புதிதாக ஒரு குரலும் சேர்ந்திருக்கிறது. வண்டியில் தொங்கும் சவுண்ட் பாக்ஸ். வாடிக்கையாளர் செல்போனில் பணம் அனுப்பியதும் தொகையை அது அறிவிக்கிறது. வாய் திறக்காத மனிதருக்குப் பக்கத்தில் வாய் ஓயாத பெட்டி! திரைக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் படம் எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் மணல் சலிப்பது, மதியம் வண்டி தள்ளுவது எல்லாம் இரண்டு நிமிடத்தில் போய்விடும். விஷயம் மாலையில்தான். முதல் வாடிக்கையாளர் பொட்டலம் வாங்குகிறார், பெட்டி 'இருபது ரூபாய்' என்கிறது. அடுத்தவருக்கும் அப்படியே. மூன்றாவது முறை பொட்டலம் கை மாறுவதைக் காட்டவே வேண்டாம். தெருக்கோடியிலிருந்து வண்டியைப் பார்க்கிறோம், 'இருபது ரூபாய்' என்பது மட்டும் காதில் விழுகிறது. பார்வையாளருக்கு இப்போது பழகிவிட்டது. பொட்டலம் போனால் பெட்டி பேசும். அதன் பிறகு இந்தக் காட்சி வருகிறது:

காட்சி 9. வெளி. பேருந்து நிலையச் சாலை. மாலை.
கடலைக்காரர் சட்டியைத் தட்டுகிறார். டங் டங்.
வண்டியின் தகரத்தில் இன்னொரு சத்தம். டங் டங். இது லத்தி.
கரண்டி நிற்கிறது. அடுப்பின் சீறல் மட்டும்.
கடலைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே காகிதம் கிழிக்கிறார். சுருட்டுகிறார். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறார். நீட்டுகிறார்.
பூட்ஸ் காலடி விலகுகிறது.
அவர் கண் சவுண்ட் பாக்ஸ் பக்கம் போகிறது. அது பேசவில்லை.
ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கடக்கிறது. மறுபடி டங் டங், முன்பைவிட மெதுவாக.

காவலரின் முகத்தைக் கூடக் காட்டத் தேவையில்லை. 'காசு குடுக்காம போறாரே' என்று யாராவது முணுமுணுத்தால் காட்சி செத்துப்போகும். ஓர் ஒலி இல்லாமல் போனதைப் பார்வையாளர் கவனிக்க வேண்டுமென்றால், அது வரும் என்று அவர் முதலில் எதிர்பார்த்திருக்க வேண்டும். முந்தைய மூன்று 'இருபது ரூபாய்'களும் அதற்கான முதலீடு. ஒன்றே ஒன்று வைத்தால் போதாது, ஆறு வைத்தால் சலிப்பு தட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே உள்ள காட்சியில் 'அவர் மனதுக்குள் குமுறினார்' என்று ஒரு வரி இல்லை. குமுறலை மைக் பிடிக்காது. கண்ணுக்கோ காதுக்கோ எட்டாத எதையும் இந்த வகை ஸ்கிரிப்டில் எழுதக் கூடாது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற பொதுக் கணக்கும் இங்கே செல்லாது. 'பொட்டலம் மடிக்கிறார்' என்று இரண்டு வார்த்தையில் எழுதிவிடலாம், மடித்து முடிக்கப் பத்து விநாடிக்கு மேலேயே ஆகும். ஆகவே கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையையும் நடித்துப் பார்த்து ஸ்கிரிப்ட் ஓரத்தில் விநாடியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வசனம் அறவே வேண்டாமா? அப்படி விரதம் இருக்க வேண்டியதில்லை. "எவ்ளோண்ணே?" "இருபது." இது வியாபாரம், இயல்பாக வரட்டும். வீட்டிலிருந்து போன் வந்தால், "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்துர்றேன்" என்று ஒரு வரி போதும். இருபது ரூபாய் போன கதையை அவர் வீட்டில் சொல்ல மாட்டார், நாமும் சொல்ல வைக்கக் கூடாது.

எழுத்தில் 'இயற்கை ஒலி' என்று போட்டுவிட்டால் ஸ்பாட்டில் அது தானாக வந்துவிடாது. பேருந்து நிலையத்தில் பதிவு செய்தால் கரண்டிச் சத்தம் ஹாரனில் மூழ்கிவிடும். மைக்கைச் சட்டிக்கு அருகில் கொண்டுபோனாலோ, இரும்பு மோதும் அந்தக் கூர்மையான சத்தத்தில் பதிவு கிழிந்து 'படார்' என்று கேட்கும். பதிவு அளவைக் குறைத்து வைத்துக்கொள்வது ஒரு வழி. இதைவிட நல்ல வழி, சந்தடி அடங்கிய விடியற்காலையில் அதே சட்டி, அதே கரண்டி, அதே மணலோடு ஒலியை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொள்வது. அதுபோல ஒவ்வொரு இடத்திலும் குழுவில் யாரும் பேசாமல், நகராமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை வாங்கிக்கொள்ள வேண்டும். படத்தொகுப்பில் ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஹாரன் பாதியில் அறுந்து தொங்காமல் காப்பாற்றுவது இந்த ஒரு நிமிடம்தான். பெட்டியின் குரலும் தனியாகவே பதிவாக வேண்டும். நான்கு பேர் வாங்கி ஒருமுறை கேட்கவில்லை என்றால், அது கதையா கோளாறா என்று பார்ப்பவர் குழம்பிவிடுவார்.

டீக்கடைப் பாட்டுதான் பெரிய தலைவலி. வசனத்துக்கு அடியில் அது பதிவாகிவிட்டால் சுத்தமாகப் பிரித்தெடுப்பது சிரமம். உரிமை வாங்காத பாட்டு இருந்தால் படவிழாக்களுக்கு அனுப்புவதிலும், இணையத்தில் ஏற்றுவதிலும் சிக்கல் வரும். படப்பிடிப்புக்கு முன்பே கடைக்காரரிடம், "அண்ணே, அரை மணி நேரம் ரேடியோவை நிறுத்திக்கிறீங்களா?" என்று கேட்டு வைத்துவிடுங்கள்.

பின்னணி இசை இல்லாவிட்டால் ஜனங்கள் உட்காரமாட்டார்கள் என்ற பயத்துக்குப் பதில் தமிழிலேயே இருக்கிறது. 2024-இல் வந்த பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. சாலை, வண்டி, சேவல், காற்று இவற்றை வைத்தே முழுநீளப் படத்தை ஓட்டியிருக்கிறார். எட்டு நிமிடத்துக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நிஜமான கடலைக்காரரையே நடிக்க வைப்பதாக இருந்தால், அவரது மாலை வியாபாரம் முழுவதும் உங்களால் போய்விடும். வறுக்கும் கடலை, எரியும் கேஸ், போகும் வருமானம் மூன்றையும் அவரிடமே கேட்டுக் கணக்கிட்டு, பட்ஜெட்டில் கேமரா வாடகைக்கு முந்தைய வரியில் எழுதுங்கள். முதல் ஷாட் எடுக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.