அதனால் என்ன?

கட்டுரை எழுதப் புகும் மாணவர் பலர், தலைப்பைக் கண்டவுடன் அதனைப் பற்றித் தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் எழுதி, பிழை திருத்தி, அழகாகப் படியெடுத்துக் கொடுத்துவிடுகின்றனர். அதில் குற்றம் ஒன்றும் இராது. எனினும் படித்து முடித்தவர் உள்ளத்தில் ஒன்றும் தங்குவதில்லை. செய்திகள் பல உள. அவை எதன் பொருட்டுக் கூறப்பட்டன என்பது விளங்குவதில்லை. எழுதியவரும் அதனை அறியார். முதற்படி எழுதும்போது நாம் நம் பொருளைத் தேடிக்கொண்டே செல்கிறோம். பெரும்பாலும் அதனைக் கண்டடைவதற்கு முன்பே தாள் முடிந்துவிடுகிறது.

எழுதியதை எதிரே வைத்துக்கொண்டு, "அதனால் என்ன?" என்று கேட்பது அப்பொருளைக் கண்டடைய ஓர் எளிய வழி. பிறர் கேட்டால் சினம் மூட்டும் கேள்வி அது. ஆகையால் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது நன்று. கேட்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் மாணவன், "எங்கள் ஊர் ஏரி" என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியுள்ளான் எனக் கொள்வோம். முதற்பத்தியில் ஏரியின் கரை, மதகுகள், கலங்கல் ஆகியவற்றை வருணிக்கின்றான். அடுத்து, உத்திரமேரூர்க் கல்வெட்டின் பெருமையைப் பேசுகின்றான். பின்னர் ஏரிக்கு வரும் பறவைகள், மதகைத் திறக்கும் நீர்க்கட்டி, கோடையில் மீன் பிடித்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஏரிகளைப் பேணுதல் நம் கடமை என்று முடிக்கின்றான்.

முதற்பத்தியில் கேள்வியைத் தொடங்குவோம். "எங்கள் ஏரிக்கு மூன்று மதகுகளும் ஒரு கலங்கலும் உண்டு." அதனால் என்ன? "மதகுகளின் வழியே வயல்களுக்கு நீர் பாயும், மிகுந்த நீர் கலங்கலின் வழியே வெளியேறும்." அதனால் என்ன? "நீர் பாய்வதனால் நெல் விளைகிறது." அதனால் என்ன? "நெல் விளையாவிடில் மக்கள் வாழ இயலாது."

விடைகள் யாவும் உண்மையே. ஆயினும் அவை ஏணியில் ஏறுவது போல மேலே மேலே சென்று, ஏரியே கண்ணுக்குத் தெரியாத உயரத்தை அடைந்துவிட்டன. கடைசி வாக்கியத்தைக் கிணற்றைப் பற்றிய கட்டுரையிலும் எழுதலாம். ஆற்றைப் பற்றிய கட்டுரையிலும் எழுதலாம். விடை எந்தக் கட்டுரைக்கும் பொருந்துமாறு அமைந்துவிட்டால், வழி தவறினோம் என்று அறிந்துகொள்ளலாம். அப்போது இறங்கி வந்து, வேறோர் இடத்தில் கேட்டல் வேண்டும்.

எங்கே கேட்பது? முதற்படியை மீண்டும் படிக்கும்போது, எழுதியவன் தன்னையறியாமலே விரைவின்றி எழுதிய இடம் ஒன்று பெரும்பாலும் தென்படும். இக்கட்டுரையில் நீர்க்கட்டியைப் பற்றிய பத்தி அத்தகையது. மற்றப் பத்திகள் ஐந்தாறு வரிகளில் முடிய, இது மட்டும் அரைப்பக்கம் நீண்டுள்ளது.

"நீர்க்கட்டியைத் தவிர வேறு எவரும் மதகைத் தொடுவதில்லை." அதனால் என்ன? "நிலத்துக்கு உரியவரும் தம் வயலுக்குத் தாமே நீர் திருப்புவதில்லை, நீர்க்கட்டியே வயல்தோறும் பாய்ச்சுகின்றார்." அதனால் என்ன? "ஏரி பாதியே நிறைந்த ஆண்டில், தலைமடையில் உள்ளவர்கள் தாமாகவே நீரைத் திருப்பிக்கொண்டால் கடைமடைப் பயிர் கருகிப்போகும். நீர்க்கட்டி முறை வைத்துப் பாய்ச்சுவதனால் சண்டை இல்லை." அதனால் என்ன? "ஊரார் அனைவரும் அவரை நம்புகின்றனர்."

இவ்விடத்தில் மாணவன் தடைப்படுகின்றான். ஏன் நம்புகின்றனர்? அவன் எழுதிய படியில் இதற்கு விடை இல்லை. நல்லவர் ஆகையால் நம்புகின்றனர் என்று எழுதிவிட்டுப் போகலாம். அது விடை போலத் தோன்றும் வெறுஞ்சொல். மாணவன் அவ்வாறு செய்யாமல் தன் பாட்டனாரிடம் சென்று கேட்கின்றான். "அவருக்கு இந்த ஏரியின் கீழ் ஒரு குழி நிலமும் இல்லை, தம்பி. இருந்தால் முதல் நீர் அங்கேயல்லவா போகும்?" என்கிறார் அவர். நீர்க்கட்டிக்கு அறுவடையின்போது ஒவ்வொரு வயலிலிருந்தும் நெல் கொடுப்பது வழக்கம் என்பதும் அவர் வாயிலாகத் தெரியவருகிறது. எனவே, எந்த ஒரு வயலும் அவருக்குத் தனியே வேண்டியதன்று. எல்லா வயல்களும் விளைதல் வேண்டும்.

இக்கேள்வி எழுதியதை அளப்பதோடு நிற்பதில்லை என்பதை இங்கே கவனியுங்கள். எழுதாமல் விட்டது எது என்பதையும் அது காட்டிவிடுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே எல்லா விடைகளும் கிடைத்துவிட்டால், கேள்வியைக் கடுமையாகக் கேட்கவில்லை என்றே நான் ஐயுறுவேன்.

இனிக் கல்வெட்டுப் பத்திக்கு வருவோம். பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. மாணவன் இதனை எழுதியது ஊர்ப் பெருமைக்காக. "அதனால் என்ன?" என்று கேட்டால், "நம் முன்னோர் அறிவுடையோர்" என்னும் விடையே வரும், அதற்கு மேல் ஓர் அடியும் நகராது. பத்தியை நீக்கிவிடலாம் என்றே தோன்றும்.

ஆனால் நீர்க்கட்டியைப் பற்றி அறிந்தபின் அதே பத்தி வேறு முகம் காட்டுகிறது. வாரியத்தில் இடம் பெறுவதற்கு அக்கல்வெட்டு விதித்த தகுதிகளுள், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைமை ஒன்று. கற்றோர்க்கு மட்டும் இவ்வளவில் சலுகை உண்டு. ஏரியைப் பற்றி முடிவு செய்வோருக்கு நிலம் இருத்தல் வேண்டும். ஏரி நீரைப் பங்கிடுவோருக்கு நிலம் இருத்தல் ஆகாது. இவ்விரண்டையும் மாணவன் அருகருகே வைத்துப் பார்க்கின்றான். இதற்குரிய காரணத்தைக் கல்வெட்டு கூறவில்லையாதலால், அதனைத் தன் கருத்தாகவே அவன் எழுதுதல் வேண்டும்.

மறுபடியும், அதனால் என்ன? இம்முறை விடை எளிதாக வரவில்லை. தாளில் பலமுறை எழுதி அடித்தபின் மாணவன் இவ்வாறு எழுதுகின்றான்: "எங்கள் ஊர் நீரை நேர்மையாகப் பங்கிடுபவருக்கு, அந்நீர் பாய்வதற்கு ஒரு வயலும் இல்லை. அவருடைய இல்லாமையின் மேல்தான் எங்கள் ஒற்றுமை நிற்கிறது."

இங்கே கேள்வியை நிறுத்தலாம். இவ்வாக்கியம் வேறொரு கட்டுரைக்குப் பொருந்தாது. இதனை மறுப்பவரும் ஊரில் இருப்பர். எழுதிய மாணவனுக்கே இதனைப் பாட்டனாரிடம் படித்துக் காட்டச் சற்றுத் தயக்கம் உண்டாகிறது. ஏனெனில், அவர்கள் வீட்டு வயல் தலைமடையில் உள்ளது. ஏரியின் பெருமையைப் பாட எடுத்த கட்டுரை, உண்மையில் ஒரு மனிதரைப் பற்றியும் அவருக்கு ஊர் செலுத்தாத கடனைப் பற்றியும் ஆனது என்பது இப்போதுதான் தெரிகிறது.

பின்னர்ச் செய்யவேண்டியது கைவேலை. கண்டடைந்த வாக்கியத்தைத் தனித்தாளில் எழுதி, ஒவ்வொரு பத்தியையும் அதன் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். மதகுகளைப் பற்றிய பத்தி தங்கும்; மதகு இன்னதென்று அறியாதவனுக்கு அதனைத் திறப்பவரின் பொறுப்பு விளங்காது. வாக்கியந்தோறும் "அதனால் என்ன?" என்று கேட்டு, இத்தகைய துணைச் செய்திகளையும் வெட்டி எறிவோர் உண்டு, அது கேள்வியின் குற்றம் அன்று. மீன்பிடிப்பும் கடமையைப் பற்றிய முடிவுரையும் நீங்கிவிடும். வற்றிய ஆண்டில் முறை வைத்த ஓர் இரவைப் பற்றிப் புதிதாக ஒரு பத்தி தேவைப்படும். அதற்கு நீர்க்கட்டியையே கேட்டல் வேண்டும்.

பறவைகளைப் பற்றிய பத்திக்கும் இக்கட்டுரையில் இடம் இல்லை. ஆனால் அதனைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. அவ்வூருக்குச் சற்றுத் தொலைவில் உள்ள வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதனால், உழவர் அப்பறவைகளை நெடுங்காலமாகக் காத்து வருகின்றனர். மாணவன் அப்பத்தியை வேறொரு தாளில் ஒட்டி, அதன் அடியில் தன் கேள்வியை எழுதி வைத்திருக்கின்றான்.