உஷார்! 'வட்டியைக் கடைசியில் கட்டிக்கலாம்' என்கிறார்களா?

நகையை அடகு வைக்கப் போயிருக்கிறீர்கள். "மாசா மாசம் வட்டி கட்ட வேணாம்மா, வருஷம் முடியறப்போ அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டி மீட்டுக்கலாம்" என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர். கையெழுத்துப் போடாதீர்கள், முதலில் கணக்குப் போடுங்கள். என் சித்தி இதே வார்த்தையை நம்பித்தான் மூன்று பவுன் நெக்லஸை வைத்தார். பதினைந்தாம் மாதம் மீட்கப் போனபோது அது ஏலத்தில் போயிருந்தது. ஏல நோட்டீஸ், அவர் எப்போதோ காலி செய்த வாடகை வீட்டுக்குப் போயிருந்தது.

கணக்கு இதுதான். நெக்லஸ் தராசில் 26 கிராம் காட்டுகிறது. கல்லுக்கும் அரக்குக்கும் 2 கிராம் கழித்தால் தங்கம் 24 கிராம். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 2,40,000. செய்கூலி, சேதாரம், கல்லின் விலை எதுவும் இதில் சேராது. விலையும் அன்று கடையில் சொல்லும் விலை அல்ல. கடந்த 30 நாள் சராசரி, முந்தைய நாள் விலை இரண்டில் எது குறைவோ அதுதான்.

இந்த மதிப்பில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. 2025 ஜூனில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் அமலாக வேண்டும் என்று சொன்ன விதிகளின்படி, வீட்டுச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. நம் நெக்லஸுக்கு உச்சம் 2,04,000 ரூபாய்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மாதாமாதம் வட்டி கட்டுவதாக இருந்தால் அந்த 2,04,000 முழுவதும் கைக்கு வரலாம். 12 சதவீத வட்டி என்றால் மாதம் 2,040 ரூபாய் கட்ட வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கட்டும் திட்டத்திலோ, வருஷ முடிவில் நீங்கள் திருப்ப வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகைதான் 2,04,000-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே கைக்கு வருவது சுமார் 1,82,000 மட்டுமே. இந்தத் திட்டத்திலும் முழுத் தொகையைத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

சில இடங்களில் இன்னொரு வலையும் உண்டு. விளம்பரத்தில் உள்ள குறைந்த வட்டி, குறித்த தேதிக்குள் வட்டி கட்டுபவருக்கு மட்டும்தான். தவறினால் அடுத்த படி, அதற்கடுத்த படி என்று வட்டி விகிதமே ஏறும். "தேதி தவறினால் எத்தனை சதவீதம்?" என்று கேட்டு, அந்த எண்ணை அடகுச் சீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

வருஷம் முடியும்போது "வட்டியை மட்டும் கட்டி மாத்தி வெச்சுக்கலாம்" என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்க முடியும். அதுவும் கடன் வாராக்கடன் ஆகாமல், அன்றைய தங்க மதிப்பின் வரம்புக்குள் இருந்தால்தான். கிராம் 8,500-க்கு இறங்கியிருந்தால் 24 கிராமின் மதிப்பே 2,04,000. வரம்பு 1,73,400 ஆகிவிடும். 1,82,000 அசலை அப்படியே மாற்றி வைக்க முடியாது; வட்டியோடு அசலிலும் எட்டாயிரத்துச் சொச்சம் கட்டியாக வேண்டும். சித்தி வட்டிக்கு மட்டும் பணம் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கெடு தாண்டியது.

கட்டாமல் விட்டால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஏலம் விடுவார்கள். பத்திரிகையிலும் அறிவிப்பு வர வேண்டும். அடிப்படை விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85 சதவீதம். பாக்கிக்கும் குறைவாக ஏலம் போனால் மிச்சத்தையும் உங்களிடம்தான் கேட்பார்கள். கூடுதலாகப் போனால், ஏலப் பணம் முழுவதும் வந்த ஏழு வேலை நாட்களுக்குள் மீதியை உங்களிடம் திருப்பியாக வேண்டும். இவையெல்லாம் வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் உள்ள விதிகள்; தெருமுனை அடகுக் கடைக்கு இவை பொருந்தாது.

நகை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே கிளைக்குப் போய் முகவரியும் போன் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சித்தியின் நெக்லஸ் பாக்கியைவிட அதிகத்துக்குத்தான் போயிருந்தது. ஏலக் கணக்கை எழுத்தில் கேட்டு மனுக் கொடுத்த பிறகுதான் அந்த மீதிப் பணம் அவர் கைக்கு வந்தது.