மயக்க மருந்துக்குப் பிறகு முதல் கவளம்

பித்தப்பைக் கல்லுக்காகக் காலையில் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட பெண் சாயங்காலமே வீடு திரும்புகிறார். "வெறும் வயிறா இருக்கியேம்மா, ரெண்டு இட்லியாவது சாப்பிடு" என்கிறார் மாமியார். அக்கறைதான். ஆனால் குமட்டல் அடங்காத வயிறு அந்த இட்லியை அப்படியே வெளியே தள்ளிவிடும். மயக்க மருந்தின் குமட்டல் பெரும்பாலும் ஒரு நாளில் தணிந்துவிடும். பெண்களுக்கும், பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வருகிறவர்களுக்கும் அது கொஞ்சம் கூடுதல். அன்று தண்ணீர் உள்ளே தங்கினாலே போதும்.

அதையும் டம்ளரோடு குடிக்க வேண்டாம். தலையணையைச் சற்று உயர்த்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன். வாந்தி வந்தால் அரை மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. பிறகு மறுபடி ஒரு ஸ்பூனிலிருந்து. ஒரு மணி நேரம் தங்கினால் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். அதுவும் தங்கி, பசியும் எட்டிப் பார்த்தால் அரை இட்லி, அல்லது காரமில்லாத குழைந்த ரசம் சாதம். தாளிப்பு வாசனையே குமட்டலைக் கிளப்பும் என்பதால் அடுக்களைக் கதவைச் சாத்தி வையுங்கள். எண்ணெய்ப் பலகாரம் சில நாள் கழித்து.

மறுநாளும் குமட்டினால் வலி மாத்திரையைக் கவனியுங்கள். டிரமடால் போன்றவை தாமே வாந்தியை வரவழைக்கும். நீங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் மாற்று மருந்தோ வாந்தி மாத்திரையோ கேளுங்கள். சர்க்கரை நோயாளிகள், சாப்பிடாத வேளையில் மருந்தை என்ன செய்வது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, வயிறு உப்பி வலி ஏறுகிறது, காய்ச்சல் அல்லது கண்ணில் மஞ்சள் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.