இரண்டு முகடுகள் வந்தால்

ஒரு தரவுத் தொகுப்பில் அதிக முறை வரும் மதிப்பே முகடு. அதைக் கண்டுபிடிக்கக் கூட்டவோ வகுக்கவோ வேண்டாம், எண்ணினால் போதும். ஒரு செருப்புக் கடையில் ஒரு நாளில் விற்ற 12 ஜோடிகளின் அளவுகள் இவை என்று கொள்வோம்: 7, 8, 8, 9, 7, 8, 6, 8, 9, 7, 7, 10. எண்ணிப் பார்த்தால் 6 ஒரு முறையும், 7 நான்கு முறையும், 8 நான்கு முறையும், 9 இரண்டு முறையும், 10 ஒரு முறையும் வருகின்றன. எண்ணியதை எல்லாம் கூட்டினால் 12 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது, அல்லது இரு முறை எண்ணப்பட்டிருக்கிறது.

இங்கே முகடு இரண்டு: 7, 8. இரண்டையும் சேர்த்து 7.5 என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அந்த அளவில் ஒரு ஜோடிகூட விற்கவில்லை. இரண்டையும் அப்படியே எழுதுவதுதான் சரி. எல்லா மதிப்புகளும் ஒரே ஒரு முறை மட்டும் வந்தால், முகடு இல்லை என்று எழுத வேண்டும்.

ஆனால் 7, 8 இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். பெரும்பாலோருக்கு 7 முதல் 8 வரை பொருந்துகிறது என்பதற்கு மேல் இதில் செய்தி இல்லை. இரு முகடுகள் தள்ளித் தள்ளி நின்று, நடுவில் பள்ளம் விழும்போதுதான் கவனம் தேவை.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ‘ஓல்ட் ஃபெய்த்ஃபுல்’ வெந்நீர் ஊற்று இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. அது விட்டு விட்டுப் பீறிட்டு எழும். ஒரு பீறிடலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்த 272 பதிவுகள் புள்ளியியல் வகுப்புகளில் பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. அவற்றின் சராசரி சுமார் 71 நிமிடம். 5 நிமிட இடைவெளிகளாகப் பிரித்து வரைபடம் போட்டால், 55 நிமிடத்தை ஒட்டி ஒரு மேடும் 80 நிமிடத்தை ஒட்டி அதைவிடப் பெரிய மேடும் எழுகின்றன. சராசரியோ நடுவிலுள்ள தாழ்வான பகுதியை ஒட்டி விழுகிறது. 71 நிமிடத்தை நம்பி வருபவர், பெரும்பாலான நாட்களில் பிந்துவார் அல்லது காத்திருப்பார்.

இடைவெளியின் அகலத்தை மாற்றிப் பார்ப்பதும் அவசியம். அகலம் மிகக் குறைந்தால் தற்செயலான ஏற்ற இறக்கமெல்லாம் முகடுபோலத் தெரியும். மிகக் கூடினால் உண்மையான இரு மேடுகளும் ஒன்றாகக் கலந்துவிடும். அகலத்தைச் சற்றே மாற்றியும் கலையாமல் நிற்கும் மேடுகளையே நம்பலாம். இந்த ஊற்றின் இரு மேடுகள் அப்படி நிற்பவை.

அடுத்த வேலை, கலந்திருக்கும் இரு கூட்டங்களைப் பிரிக்கும் காரணத்தைத் தேடுவது. முந்தைய பீறிடல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் அதே பதிவுகளில் இருக்கிறது. அதை 3 நிமிடத்துக்குக் கீழ், மேல் என்று பிரித்தால் மர்மம் விலகுகிறது. குறுகிய பீறிடலுக்குப் பின் சராசரியாகச் சுமார் 54 நிமிடமும், நீண்டதற்குப் பின் சுமார் 80 நிமிடமும் காத்திருக்க நேர்கிறது. நீண்ட பீறிடலில் அதிக நீரும் வெப்பமும் வெளியேறுவதால், ஊற்று மீண்டும் நிரம்பிச் சூடாக அதிக நேரம் பிடிக்கிறது. பிரித்தபின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி முகடு, தனிச் சராசரி என்று சொல்வதே பொருளுள்ளது. பூங்காவின் பணியாளர்களும் முந்தைய பீறிடல் நீடித்த நேரத்தைக் கொண்டே அடுத்ததைக் கணித்து அறிவிக்கிறார்கள்.